விரலி மீது பழி, குற்றவாளி கணினிக்குள்!

கடந்த மாதம் ஒரு ஞாயிறு இரவு. மறுநாள் பயிற்சி ஆசிரியையாகப் பள்ளிக்குப் போகவேண்டிய என் அக்கா, தன் விரலியை வீட்டு மேசைக்கணினியின் முன்பக்க யுஎஸ்பி துளையில் செருகினார். விளக்கு எரியவில்லை, வழக்கமான ஓசையும் இல்லை. பக்கத்துத் துளையிலும் அதே கதைதான். "தம்பி, மூன்று வாரப் பாடத்திட்டம் எல்லாம் இதில்தான் இருக்கு, போச்சு!" என்றார்.

நான் விரலியைக் கணினியின் பின்பக்கத்தில் செருகினேன். உடனே திறந்தது. கோப்புகளை முதலில் மடிக்கணினிக்கு நகலெடுத்தோம். அப்படியென்றால் விரலி நலம். கோளாறு முன்பக்கத் துளைகளில்.

முதலில் மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகித்தேன். பயன்படாத துளைகளை விண்டோஸ் உறங்க வைக்கும். சில வேளை அவை விழிப்பதில்லை. Device Manager-இல் USB Root Hub-ஐ இருமுறை சொடுக்கி, Power Management பகுதியில் "Allow the computer to turn off this device to save power" என்பதில் உள்ள குறியை நீக்கினேன். கணினியை மறுபடி தொடக்கியும் பயனில்லை. உறக்கம்தான் காரணம் என்றால், பெரும்பாலும் மறுதொடக்கத்திலேயே துளை விழித்துக்கொள்ளும்.

அடுத்து, துளை தளர்ந்துவிட்டதா? தளர்ந்த துளையில் விரலியை மெல்ல அசைத்தால் இணைப்பு வந்து வந்து போகும். இங்கே எந்த அசைவுக்கும் பதில் இல்லை. மேலும், இரண்டு துளைகள் ஒரே நேரத்தில் தளர்வது அரிது. இரண்டும் சேர்ந்து செத்தால், இரண்டுக்கும் பொதுவானதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பொதுவான பொருள் ஒரு கம்பிவடம். முன்பக்கத் துளைகள் தாய்ப்பலகையில் நேரடியாகப் பொருத்தப்படுவதில்லை. இரண்டு துளைகளின் கம்பிகளும் ஒரே செருகியில் சேர்ந்து, பலகையில் நிற்கும் ஊசிகளில் அமர்கின்றன. யுஎஸ்பி 2.0 என்றால் 9 ஊசிகள். பத்தாவது இடம் காலி. செருகியைத் திருப்பி மாட்டிவிடாமல் இருக்கத்தான் அந்தக் காலியிடம்.

மின்சாரத்தை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகு பக்கப் பலகையைத் திறந்தேன். செருகி ஊசிகளிலிருந்து மேலெழும்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முந்தைய வாரம் உள்ளே தூசு துடைத்தவன் நான்தான்! துணி கம்பியில் பட்டு இழுத்திருக்கிறது. ஊசிகள் வளையவில்லை என்று பார்த்துக்கொண்டு, நேராக வைத்து அழுத்தினேன். கணினியை இயக்கியதும் இரண்டு துளைகளும் உயிர்பெற்றன.

யுஎஸ்பி 3.0 செருகியில் 19 ஊசிகள் உண்டு; அவை மெல்லியவை. வலுவாகத் தள்ளினால் வளைந்துவிடும், அங்கே பொறுமை வேண்டும். ஒரு துளை மட்டும் அசைவுக்கு ஏற்ப வந்துபோனால், செருகியை அழுத்திப் பயனில்லை, துளையையே மாற்றவேண்டும். அதுவரை பின்பக்கத் துளை போதும்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். இப்போது நான் துடைப்புத் துணியை எடுத்தாலே, அவர் விரலியை எடுத்து ஒளித்துவிடுகிறார்!