பத்தமடைப் பாய்க்கு ஏன் அந்த விலை?

பிளாஸ்டிக் பாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையால் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய்க்கோ ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். "இரண்டும் தரையில் விரிப்பதுதானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

பட்டுப்பாய் நெய்யும் கோரை ஆற்றோரத்தில் வளரும் புல்லாயிற்றே, அதற்கா இந்த விலை? இல்லை. விலையில் பெரும்பங்கு கூலிதான். கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு தண்டையும் கையால் மெல்லிய இழைகளாகக் கீறுகிறார்கள். தறியில் ஏறும் முன்பே இவ்வளவு வேலை முடிந்திருக்கிறது.

நெசவுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? நீங்களே கணக்குப் போடலாம். ஆறடிப் பாய் என்றால் ஏறத்தாழ 1,830 மில்லிமீட்டர் நீளம். இழை ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் 1,830 வரிசை. ஒவ்வொரு இழையையும் குச்சியில் கோத்துப் பாவுக்குள் (நீளவாட்டில் கட்டிய நூல்) செலுத்தி, அச்சால் இறுக்க அரை நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் ஏறத்தாழ 15 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று குறைவாகக் கூலி வைத்தாலும் நெசவுக்கு மட்டும் ஏறத்தாழ 900 ரூபாய் ஆகிறது. இழையின் அகலம் பாதியானால் வரிசை இரட்டிக்கும், கூலியும் இரட்டிக்கும். கீறும் கூலி, நூல், சாயம், கடைக்காரர் பங்கு எல்லாம் இதற்கு மேல்தான்.

இதை இயந்திரத்தில் நெய்ய முடியாதா? தடித்த கோரையை நெய்கிறார்கள். மென்மையாகக் கீறிய இழைதான் சிக்கல். அதன் அடிப்பக்கம் தடிப்பு, நுனி மெலிவு. அடியையும் நுனியையும் மாற்றி மாற்றிக் கோத்தால்தான் பாய் ஒரு பக்கம் கோணாமல் வரும். இழுப்பு கொஞ்சம் கூடினாலும் இழை அறுந்துவிடும். கை அதை உணர்ந்து தளர்த்துகிறது.

அப்படியானால் சொல்லும் விலையெல்லாம் நியாயமா? இல்லை. இயந்திரப் பாயையும் பத்தமடைப் பெயரில் விற்பவர்கள் உண்டு. ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை கோரை இழை என்று எண்ணுங்கள். மூன்று நான்கு என்றால் அது தடித்த கோரை, அதற்குப் பட்டுப்பாய் விலை கொடுக்காதீர்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மென்மையாகக் கீறிய இழை. இழைகள் அச்சடித்தாற்போல் ஒரே தடிப்பில் இல்லாமல் இருப்பது குறையல்ல, கைவேலையின் அடையாளம்.

எந்தப் பாயை வாங்குவது? மொட்டைமாடியிலோ ஈரத் தரையிலோ விரிக்க பிளாஸ்டிக்கே போதும். கோரைக்கு ஈரம் ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். உடம்புக்குக் குளிர்ச்சியாகப் படுக்க, கல்யாணச் சீராகக் கொடுக்க என்றால் பட்டுப்பாய் வாங்குங்கள். ஈரம் பட்டால் நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடித்த இடத்தில்தான் இழை முதலில் முறியும்.