மிச்சம் நான்கு மெகாவாட்

1939 ஜூலையில் ஆரெல் ஸ்டோடோலாவுக்கு 80 வயது. டர்பைன் பொறியியலின் ஆசான் என்று ஐரோப்பா மதித்த அந்தப் பேராசிரியர், சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டல் நகருக்காக பிரவுன் போவேரி நிறுவனம் செய்திருந்த புது இயந்திரத்தைச் சோதிக்க வந்தார். மின்சாரம் தயாரிப்பதற்கென்று அமைந்த முதல் வாயு டர்பைன் அது. அவர் அளந்தபோது டர்பைன் தந்த திறன் சுமார் 15.4 மெகாவாட். அதில் 11.4 மெகாவாட்டை அதே தண்டில் சுழன்ற கம்ப்ரஸரே எடுத்துக்கொண்டது. ஜெனரேட்டருக்கு மிஞ்சியது நான்கு.

ஏன் இவ்வளவு குறைவு? இயந்திரத்தின் வேலை எளிமையானதுதான். கம்ப்ரஸர் வெளிக்காற்றை அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எண்ணெய் எரிகிறது. சூடான வாயு டர்பைனின் பிளேடுகளைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. டர்பைன் தரும் வேலை, கம்ப்ரஸர் கேட்கும் வேலையைவிட அதிகமாக இருந்தால்தான் கையில் ஏதாவது நிற்கும்.

இரண்டுக்கும் ஓர் இலட்சிய நிலை உண்டு. உராய்வே இல்லாமல், சுழல் எதுவும் எழாமல், வெப்பம் வெளியே கசியாமல் காற்று அழுத்தப்படுவதாக வைத்துக்கொள்வோம். அப்படி அழுத்தியதை அதே வழியில் திரும்ப விரியவிட்டால், கொடுத்த வேலை முழுவதும் திரும்பிவிடும். இதில் என்ட்ரோபி என்னும் அளவு மாறுவதில்லை. அதனால் இதை ஐசென்ட்ரோபிக் என்கிறார்கள். நிஜ இயந்திரம் இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பதே ஐசென்ட்ரோபிக் செயல்திறன். டர்பைன் இலட்சியத்தைவிடக் குறைவாகத் தருகிறது; எனவே நிஜ வேலையை இலட்சிய வேலையால் வகுக்கிறோம். கம்ப்ரஸர் இலட்சியத்தைவிட அதிகம் கேட்கிறது. அங்கே வகுத்தல் தலைகீழ்.

நியூஷாட்டலை ஒத்த எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸ் காற்றை 4.4 மடங்கு அழுத்துகிறோம். 550 டிகிரியில் டர்பைனுக்குள் விடுகிறோம். இலட்சியக் கம்ப்ரஸரில் காற்று 174 டிகிரிக்குச் சூடாகும். ஒரு கிலோ காற்றுக்கு ஆகும் செலவு 155 கிலோஜூல். இலட்சிய டர்பைன் தருவது 285. மிச்சம் 130.

இப்போது இரண்டின் செயல்திறனும் 85 சதவீதம் என்று வைப்போம். கம்ப்ரஸரின் தேவை 183 ஆக ஏறுகிறது. டர்பைனின் வரவு 243 ஆக இறங்குகிறது. மிச்சம் 60 மட்டுமே. தலா 15 சதவீதக் குறை, மிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. டர்பைன் தந்ததில் முக்கால் பங்கு கம்ப்ரஸருக்கே போகிறது. ஸ்டோடோலா அளந்த விகிதமும் ஏறக்குறைய இதுதான்.

இன்னும் கீழே, 70 சதவீதத்துக்குப் போனால்? கம்ப்ரஸர் 222 கேட்கும். டர்பைன் 200 தரும். இயந்திரம் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளக்கூட முடியாது. இந்த வெப்பநிலையில் எல்லைக்கோடு சுமார் 74 சதவீதம். இதுதான் வாயு டர்பைனை இத்தனை காலம் தாமதப்படுத்தியது. தொடக்ககால முயற்சிகளில் நார்வேயின் எகிடியஸ் எல்லிங் 1903இல் ஒரு டர்பைனை ஓடவிட்டு, 11 குதிரைத்திறன் மிச்சம் பிடித்தார். அவ்வளவு சின்ன எண் ஏன் சாதனை என்பது மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

இழந்த வேலை எங்கே போகிறது? எங்கும் போவதில்லை, வாயுவிலேயே சூடாகத் தங்குகிறது. ஆகவே அதைத் தெர்மாமீட்டரில் படிக்கலாம். 85 சதவீதக் கம்ப்ரஸரிலிருந்து காற்று 174க்குப் பதில் ஏறத்தாழ 202 டிகிரியில் வெளிவரும். டர்பைனின் கழிவு வாயு 266க்குப் பதில் 309 டிகிரியில் போகும்.

மின் நிலையங்களில் இது அன்றாட நோய்க்கணிப்பு. காற்றோடு வரும் தூசியும் எண்ணெய்ப்பசையும் கம்ப்ரஸர் பிளேடுகளில் படியும். அழுத்த விகிதம் அதே 4.4தான், ஆனால் வெளிவரும் காற்று 212 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். செயல்திறன் 80 சதவீதமாகிவிட்டது. பத்து டிகிரிதானே என்று விட முடியாது: மிச்சம் 60இலிருந்து 50 கிலோஜூலாகச் சரிகிறது, ஆறில் ஒரு பங்கு. அப்போதுதான் பிளேடுகளை நீரால் கழுவ நாள் குறிக்கிறார்கள்.

தெர்மாமீட்டரை நம்புவதிலும் கவனம் வேண்டும். டர்பைனின் மேலுறை வழியே வெப்பம் கசிந்தால் கழிவு வாயு கூடுதலாகக் குளிர்ந்திருக்கும்; கசிந்த வெப்பமெல்லாம் வேலையாகக் கணக்கில் ஏறி, செயல்திறன் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். நீராவி டர்பைனின் கடைசிப் பகுதியில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே நீராவியில் துளிகள் கலந்திருக்கும். எவ்வளவு துளி இருந்தாலும், குறிப்பிட்ட அழுத்தத்தில் வெப்பநிலை ஒன்றேதான். அங்கே பொறியாளர்கள் ஜெனரேட்டர் தந்த மின்சாரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.