43 டிகிரியில் 20 மணி நேரம்

தடுப்பூசி வைப்பதற்கான குளிர்பெட்டிகளை வாங்க சுகாதாரத் துறை ஒரு டெண்டர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இவை உள்சுவரில் பனிக்கட்டி அடுக்கு கொண்ட பெட்டிகள். கரன்ட் போனாலும் அந்தப் பனிக்கட்டி உள்ளே குளிரைக் காக்கும். நிபந்தனைகளில் ஒன்று இப்படி இருக்கும்: வெளியே 43 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும்போது மின்சாரம் நின்றால், குறைந்தது 20 மணி நேரத்துக்குத் தடுப்பூசிகள் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலை ஒட்டிய நிபந்தனை இது.

விலைப்புள்ளி கொடுக்கும் நிறுவனம் இதற்கு 'இணக்க அறிக்கை' ஒன்றைத் தயாரிக்க வேண்டும். டெண்டரின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு வரி. எதிரே, எங்கள் பொருள் இதற்குப் பொருந்துகிறதா, ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற விவரம். பார்வைக்கு வெறும் அட்டவணைதான். ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று.

நிறுவனம் 'பொருந்துகிறது, 27 மணி நேரம்' என்று எழுதி, ஆய்வக அறிக்கையை இணைக்கிறது. கேட்டது 20, கிடைப்பது 27. தாராளம்தானே? மதிப்பீட்டாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார். சோதனை நடந்தது 32 டிகிரி அறையில்! இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பெட்டிக்குள் வெப்பம் நுழையும் வேகம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 5 டிகிரி என்று கொண்டால், சோதனையில் வித்தியாசம் 27 டிகிரி. டெண்டர் கேட்ட நிலையில் 38 டிகிரி. ஆகவே அதே பனிக்கட்டி தோராயமாக 27 × 27 ÷ 38, அதாவது 19 மணி நேரமே தாங்கும். தாராளமாகத் தெரிந்த பெட்டி ஒரு மணி நேர வித்தியாசத்தில் தோற்கிறது. எண் பொய்யில்லை, அறிக்கையும் பொய்யில்லை. எந்த நிலையில் அளந்தது என்பது விட்டுப்போனதால் கூற்று பொய்யாகிவிட்டது.

மாடல் எண்ணும் இப்படித்தான். ஆய்வக அறிக்கையில் உள்ள மாடலின் கடைசி எழுத்து, விலைப்புள்ளியில் உள்ள மாடலின் கடைசி எழுத்திலிருந்து வேறுபட்டால், சோதிக்கப்பட்டது வேறொரு பெட்டி. சில நிறுவனங்கள் அறிக்கைக்குப் பதில் விளம்பரக் கையேட்டை இணைக்கின்றன. அதன் அடியில் பொடி எழுத்தில், 'விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம்' என்று இருக்கும். மேலே உறுதியாகச் சொன்னதை அந்த ஒரு வரி அடித்துவிடுகிறது.

இனி இணைப்புப் பட்டியல். எந்த ஆவணம், யார் கொடுத்தது, என்ன தேதி, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை என்று சொல்லும் தாள் அது. கூரியர் பார்சலில் ஒட்டிய விலாசம் போல, அது தப்பாக இருந்தால் உள்ளே இருப்பது சரியாக இருந்தும் சேர வேண்டிய இடம் சேராது. இந்தப் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: விலைப்புள்ளிகளைத் திறந்த கணத்தில் கையில் என்ன இருந்தது என்பதை அது உறைய வைக்கிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் பொருள் கொள்முதல் கையேடு (2017) நுட்பமான ஒரு கோடு போடுகிறது. முன்பு வேறொருவருக்குச் சப்ளை செய்த ஆர்டரின் நகலை இணைத்துவிட்டு, அந்த வேலை முடிந்ததற்கான சான்றிதழை மட்டும் விட்டிருந்தால், அதைப் பிறகு கேட்டு வாங்கலாம். ஆனால் தகுதி பெறுவதற்காகப் புதிதாக வேறொரு ஆர்டரைக் கேட்டு வாங்கக் கூடாது. விடுபட்ட இரண்டும் தாள்தான். ஒன்று ஏற்கெனவே சொன்னதற்குத் துணை, மற்றது புதிதாகச் சொல்வது. போட்டியாளர்களின் உறைகள் திறந்த பிறகு புதிதாகச் சொல்ல விடுவது மற்றவர்களுக்கு அநியாயம் என்பதால்தான் இந்தக் கோடு.

படிவமும் இதே கறார்தான். சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் டெண்டர் ஒன்றில், வங்கி உத்தரவாதம் கேட்ட படிவத்தில் இல்லை என்பதற்காக ஒரு விலைப்புள்ளி நிராகரிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை அவ்வளவு முக்கியமில்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2016-இல் நிராகரிப்பே சரி என்றது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தவறும் இடம் பக்க எண். மின்னணு டெண்டரில் கோப்புகளை ஒன்றாக்கும்போது, கடைசி நேரத்தில் ஒரே ஒரு தாளை நடுவில் செருகினால் 47-ஆம் பக்கம் 48 ஆகிவிடும். அதன் பிறகு வரும் எல்லாச் சுட்டுகளும் ஒரு பக்கம் தள்ளிப்போகும். அதனால் பழகியவர்கள் எல்லாத் தாளையும் சேர்த்து முடித்த பிறகே பக்க எண் அடிக்கிறார்கள். இணக்க அறிக்கையில் ஆதாரப் பக்கங்களுக்கான கட்டங்களை நிரப்புவதும் அதற்குப் பிறகுதான். அடுத்து, தயாரிப்பில் கைவைக்காத ஒருவர் வரிவரியாக அந்தப் பக்கங்களைத் திறக்கிறார். வரியில் சொன்ன எண்ணும், அது அளக்கப்பட்ட நிலையும் சேர்ந்து கண்ணில் படாவிட்டால் அந்த வரியைச் சுழித்துத் திருப்பி அனுப்புகிறார்.