உடை அறைக்குள் நிழல் விழாத வெளிச்சம்

உள்ளே நடந்துபோய் உடை எடுக்கும் அலமாரி அறைக்குக் கூரை நடுவில் ஒரே விளக்கு போட்டால், நம் நிழல்தான் முதலில் துணிமேல் விழும். கருநீலம் எது, கறுப்பு எது என்று தெரியாது. விளக்கு நமக்குப் பின்னால் அல்ல, நமக்கும் துணிக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

ஹேங்கர் கம்பி உள்ள பகுதியில், மேல்தட்டின் முன் விளிம்புக்கு அடியில் எல்இடி பட்டையைப் பொருத்தி, ஒளி பின்புறமாகச் சாய்ந்து விழும்படி வையுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்தால் துணிகளின் முன்பக்கம் இருண்டுவிடும். இழுப்பறைகளுக்குத் தனி விளக்கு பெரும்பாலும் தேவையில்லை. மேலிருந்து வரும் ஒளியே போதும்.

கண்ணாடிக் கதவுள்ள தட்டுகளில்தான் சிக்கல். மேலே மட்டும் விளக்கு இருந்தால் மரத்தட்டு ஒளியை மறித்துவிடும். இரு பக்கப் பலகைகளின் முன் விளிம்பில், கதவுக்கு உட்புறம், செங்குத்தாகப் பட்டை ஓட்டினால் எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு கிடைக்கும். பால்நிற மூடி இல்லாவிட்டால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக மின்னும். பின்பலகையில் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்காதீர்கள். ஒவ்வொரு கைப்பையும் இரண்டாகத் தெரிந்து கண்ணைக் குழப்பும். வெளிர்நிறப் பலகையே நல்லது.

12 வோல்ட் பட்டை 5 மீட்டரைத் தாண்டினால் கடைசி முனை மங்கும். இரு முனையிலும் மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கும்போது நிறத்தைச் சரியாகக் காட்டும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.