உங்களுக்குத் தெரியுமா? காதுத் தோல் காட்டிக்கொடுக்கும் கன்று

மாட்டு மந்தையில் பி.வி.டி. எனும் வைரஸ் கழிச்சல் நோயை ஆண்டுக்கணக்கில் தங்கவைப்பது, பல சமயம் நலமாகவே தெரியும் ஒரு கன்றுதான். பசு சினையான சுமார் 40 முதல் 120 நாள்களுக்குள் வைரஸ் தொற்றினால், எதிர்ப்பாற்றல் முதிராத கரு அதைத் தன் உடலின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். அப்படி நிலைத்தொற்றோடு பிறக்கும் கன்று எச்சில், மூக்குநீர், சாணம் வழியே சாகும்வரை வைரஸைப் பரப்பும். அதற்குச் சிகிச்சை இல்லை. தடுப்பூசியும் அதைக் குணப்படுத்தாது.

அயர்லாந்தில் 2013 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அடையாளக் காதுவில்லையைக் குத்தும்போதே துளியளவு காதுத் தோல் ஒரு குப்பியில் சேர்ந்துவிடும். அது ஆய்வகத்துக்குப் போகும். சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள்கள் இளங்கன்றின் இரத்தச் சோதனையில் வைரஸை மறைத்துவிடலாம். தோலில் அந்தச் சிக்கல் குறைவு.

வைரஸ் தென்பட்டால் கன்றை உடனே தனியே கட்ட வேண்டும். தற்காலிகத் தொற்றாகவும் இருக்கலாம் என்பதால், சுமார் மூன்று வாரம் கழித்து மறுசோதனை செய்யலாம். அப்போதும் வைரஸ் இருந்தால் மந்தையிலிருந்து நீக்கியே ஆகவேண்டும். நன்றாகத்தானே மேய்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் பெரும் இழப்பு. தாயையும் சோதிக்க வேண்டும். நிலைத்தொற்றுள்ள பசு ஈனும் கன்று அதே தொற்றோடுதான் பிறக்கும். ஆகவே கன்றுக்குத் தொற்றில்லை என்றால், தாய்க்கும் நிலைத்தொற்று இல்லை என்று தனிச் சோதனையின்றியே சொல்லிவிடலாம்.