பாலரட்சை: கோபியர் இட்ட காப்பு

குழந்தைக்குக் கண்ணேறும் பீடையும் அண்டாமலிருக்க வீட்டுப் பெண்களே செய்யும் காப்புச் சடங்குக்குப் பாலரட்சை என்று பெயர். இதன் முழு வடிவம் பாகவத புராணத்தின் பத்தாம் ஸ்கந்தம், ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அழகிய பெண் வேடத்தில் கோகுலத்துக்கு வந்த பூதனை, நஞ்சு தடவிய முலையைக் குழந்தைக் கண்ணனுக்குக் கொடுத்து, அவனாலேயே உயிர் உறிஞ்சப்பட்டு விழுகிறாள். அவள் மார்பின்மேல் அச்சமின்றி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கோபியர் ஓடிப்போய் எடுத்து வருகிறார்கள். யசோதை, ரோகிணி, மற்றப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அப்போது செய்ததுதான் இந்தச் சடங்கு. அவர்கள் சொன்னதாக வரும் எட்டுச் சுலோகங்களை வைணவ வீடுகளில் இன்றும் குழந்தையின் முன்னால் சொல்கிறார்கள்.

பூதனை செத்து விழுந்த அந்த நேரத்தில் நந்தகோபர் ஊரில் இல்லை. கம்சனுக்குக் கப்பம் கட்ட மதுரா போயிருந்தார். புரோகிதரை அழைக்கவும் யாரும் நிற்கவில்லை. ஆய்ச்சியர் தமக்குத் தெரிந்த முறையில், கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு காப்பிட்டார்கள். அடுத்த அத்தியாயத்தில் கண்ணன் சகடத்தை உதைத்துக் கவிழ்த்த பிறகு நந்தகோபர் அந்தணர்களை வரவழைத்து, வேத மந்திரங்களால் நீராட்டி, தானம் கொடுத்துச் சாந்தி செய்கிறார். அது முறைப்படியான வைதிகச் சடங்கு. பாலரட்சை தாய்மாரின் சடங்கு. இதே நிகழ்ச்சியை விஷ்ணு புராணம் (ஐந்தாம் அம்சம், ஐந்தாம் அத்தியாயம்) சற்று மாற்றிச் சொல்கிறது. அங்கே பசுவின் வாலைச் சுற்றுபவள் யசோதை. சாணப் பொடியைத் தலையில் வைத்துக் காப்பு மொழியைச் சொல்பவர் நந்தகோபர். பாகவதத்தில் செய்கை, சொல் இரண்டும் பெண்களிடமே இருக்கின்றன.

பசுவிலிருந்து சடங்கு தொடங்குகிறது. முதலில் பசுவின் வால்நுனியைக் குழந்தையைச் சுற்றி அசைக்கிறார்கள். பிறகு கோமியத்தால் நீராட்டி, பசுவின் குளம்பு பட்ட புழுதியைப் பூசுகிறார்கள். அடுத்து, சாணத்தைத் தொட்டு உடலின் பன்னிரண்டு இடங்களில் திருமாலின் பெயர்களைச் சொல்லி இடுகிறார்கள். எந்தப் பன்னிரண்டு பெயர்கள் என்று மூலம் விரித்துச் சொல்லவில்லை. கேசவன் முதல் தாமோதரன் வரையிலான பெயர்கள் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வைணவர் பன்னிரண்டு திருமண் இட்டுக்கொள்ளும் வரிசையும் அதுவே: நெற்றியில் கேசவன், வயிற்றில் நாராயணன், மார்பில் மாதவன், கழுத்தில் கோவிந்தன் என்று தொடங்கி, வலப்பக்கம், இடப்பக்கம், முதுகு என்று போய், பின்கழுத்தில் தாமோதரனோடு முடியும்.

அடுத்த செய்கையில்தான் இந்தச் சடங்கின் நுட்பம் இருக்கிறது. பெண்கள் நீரைத் தொட்டு ஆசமனம் செய்து, முதலில் தங்கள் உடலிலும் கைகளிலும் நியாசம் செய்துகொள்கிறார்கள். மந்திர எழுத்தையோ தெய்வப் பெயரையோ சொல்லி உடலின் ஒரு இடத்தைத் தொட்டு, அங்கே அந்தத் தெய்வத்தை இருத்துவது நியாசம். தன்னைக் காத்துக்கொண்டவள்தான் பிள்ளைக்குக் காப்பிட முடியும் என்பது இதன் கணக்கு. நடுங்கும் கையோடு, கலங்கிய மனத்தோடு குழந்தையைத் தொடக்கூடாது என்பதற்கும் இது நல்ல வழி. அதன் பிறகே குழந்தையின் அங்கங்களில் பீஜ நியாசம். ஒவ்வொரு பெயரின் முதல் எழுத்தோடும் ‘ம்’ ஒலியைச் சேர்த்தால் அது அந்தப் பெயரின் பீஜம் என்று உரைகள் சொல்கின்றன. அஜன் என்ற பெயருக்கு ‘அம்’ என்பது போல.

எட்டுச் சுலோகங்களில் முதல் இரண்டும் வசந்ததிலகம் என்னும் நீண்ட சந்தத்தில் அமைந்தவை. மற்ற ஆறும் எல்லாருக்கும் பழக்கமான அனுஷ்டுப்பு. முதல் சுலோகம் உடலுக்கு உரியது. பாதத்தை அஜன் காக்கட்டும் என்று தொடங்குகிறது. முழங்கால் மணிமானுக்கு (அணிமான் என்றும் பாடம் உண்டு), தொடை யக்ஞனுக்கு, இடுப்பு அச்சுதனுக்கு, வயிறு குதிரைமுக ஹயக்ரீவனுக்கு, இதயம் கேசவனுக்கு, மார்பு ஈசனுக்கு, கழுத்து சூரியனுக்கு, தோள்கள் விஷ்ணுவுக்கு, முகம் உருக்கிரமனுக்கு, தலை ஈசுவரனுக்கு. பதினோரு இடங்கள், பதினோரு பெயர்கள். பழகாதவர்கள் தடுமாறுவது இங்கேதான். திருமண் வரிசை நெற்றியில் தொடங்குவதால், இதிலும் கை தானாகத் தலைக்குப் போய்விடும். ஆனால் இந்தச் சுலோகம் காலிலிருந்து மேலே ஏறுகிறது. கடைசிப் பெயரைச் சொல்லும்போது கை தலையில் நிற்கவில்லை என்றால் நடுவில் எங்கோ ஓர் இடம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் சுலோகத்தில் காவல் உடலை விட்டு வெளியே வருகிறது. குழந்தைக்கு முன்னே சக்கரம் ஏந்தியவன், பின்னே கதை ஏந்திய ஹரி, ஒரு பக்கம் வில்லோடு மதுசூதனன், மறுபக்கம் வாளோடு அஜனன், நான்கு மூலைகளிலும் சங்கோடு உருகாயன், மேலே உபேந்திரன், தரையில் கருடன், சுற்றிலும் கலப்பை ஏந்திய ஹலதரன். திருமாலின் ஆயுதங்கள் எல்லாம் தொட்டிலைச் சுற்றி நிறுத்தப்படுகின்றன. தரைக்கு மட்டும் பாம்பின் பகையான கருடனை வைத்திருப்பதைக் கவனிக்கலாம். மண்தரையில் பிள்ளையைக் கிடத்தி வளர்த்தவர்களின் கவலை அதில் தெரிகிறது.

அடுத்த சுலோகங்கள் உள்ளே போகின்றன. புலன்களை இருடீகேசனும், உயிர்க்காற்றை நாராயணனும், மனம், புத்தி முதலானவற்றை வேறு சில பெயர்களும் காக்க வேண்டும் என்கின்றன. பிறகு அன்றாடச் செயல்கள் வருகின்றன. விளையாடும்போது கோவிந்தன், படுத்திருக்கும்போது மாதவன், நடக்கும்போது வைகுண்டன், உட்கார்ந்திருக்கும்போது திருமகள் கேள்வன், உண்ணும்போது வேள்வியை உண்பவன். கைக்குழந்தையின் நாள் முழுவதும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது.

கடைசி மூன்று சுலோகங்கள் விரட்டும் சுலோகங்கள். டாகினி, யாதுதானி, கூஷ்மாண்டர், பூதம், பிரேதம், பிசாசு என்று பட்டியல் நீள்கிறது. கோடரை, ரேவதி, ஜேஷ்டை ஆகியோருடன் பூதனையின் பெயரும் அதில் உண்டு. கண்ணெதிரே செத்துக் கிடப்பவளின் பெயரையும் சொல்லி விரட்டுகிறார்கள்! பூதனை ஒருத்தியல்ல, குழந்தைகளைப் பிடிக்கும் ஓர் இனம் என்ற பழைய நம்பிக்கை இதற்குப் பின்னால் இருக்கிறது. சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரமும் குழந்தைகளைப் பீடிக்கும் ஒன்பது கிரகங்களைச் சொல்கிறது. ரேவதி, பூதனை, அந்தபூதனை, சீதபூதனை ஆகியவை அவற்றில் சேரும். வயிற்றுப்போக்கு, வலிப்பு, காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல் போன்ற அறிகுறிகளை வைத்தே அந்நூல் அவற்றைப் பிரித்தறிகிறது. இந்தச் சுலோகங்களும் பேய்களோடு சித்தப்பிரமை, வலிப்பு, கெட்ட கனவு ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லி, விஷ்ணுவின் பெயரைக் கேட்டாலே அஞ்சும் இவை எல்லாம் அழியட்டும் என்று முடிகின்றன. அதன் பிறகு தாய் பால் கொடுத்துப் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள். அதுவும் சடங்கின் பகுதிதான்.

சுலோகங்களில் கண்ணேறு என்று தனியாக ஒரு சொல் இல்லை. ஆனால் வீட்டு வழக்கில் திருஷ்டியும் குழந்தைப் பீடையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. தமிழ்நாட்டில் இந்தக் காப்புக்குப் பழைய உறவுகள் உண்டு. பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில் எட்டாம் பதிகம் முழுவதும், அந்தி வேளையில் காப்பிட்டுக்கொள்ள வரும்படி யசோதை கண்ணனை அழைப்பதாக அமைந்தது. திருவெள்ளறைப் பெருமாளைப் பாடியது. அவர் பாடிய திருப்பல்லாண்டே, இறைவனின் அழகுக்கு யார் கண்ணாவது பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பிறந்தது என்று வைணவ மரபு சொல்கிறது. பிள்ளைத்தமிழ் நூல்களின் முதல் பருவமும் காப்புப் பருவம்தான். காத்தல் கடவுள் என்பதால் அங்கே திருமாலை முதலில் வேண்டுவது மரபு.

இன்று ஒரு வீட்டில் இது எளிய வடிவில் நடக்கும். விளக்கேற்றியபின் தாயோ பாட்டியோ கைகால் கழுவி, குழந்தையைக் கிழக்குப் பார்த்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்துத் தம் நெஞ்சையும் கைகளையும் முதலில் தொட்டுக்கொள்கிறார். பிறகு வலது கையின் விரல்நுனியால் பாதத்தில் தொடங்கித் தலை வரை பெயர் சொல்லித் தொடுகிறார். திசைக் காவலுக்கு முன், பின், பக்கம், மேல், கீழ் என்று கையைக் காட்டுகிறார். குழந்தை எதிரே பார்த்தபடி கிடந்தால் வலம் இடம் மாறித் தோன்றும். குழந்தையின் வலப்பக்கமே கணக்கு. விரட்டும் சுலோகங்கள் முடிந்ததும் சில வீடுகளில் உப்பும் காய்ந்த மிளகாயும் கடுகும் கையில் அடக்கி, வலமாக மூன்று முறை, இடமாக மூன்று முறை சுற்றி அடுப்பில் போடுவார்கள். பசுவின் வால் சுற்றிய இடத்தில் இப்போது மூடிய கை சுற்றுகிறது. கடைசியில் கன்னத்திலோ உள்ளங்காலிலோ ஒரு மைப்பொட்டு. குழந்தை அழுதால் பாதியில் நிறுத்தி, பால் கொடுத்துவிட்டுத் தொடர்வதில் குற்றமில்லை.

மூலத்தில் இருக்கும் பொருள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சாணம், மாட்டுத் தொழுவத்து மண் ஆகியவற்றில் இசிவு நோய்க் கிருமியின் வித்துக்கள் இருக்கும். அவை ஆறாத தொப்புளில் பட்டால் உயிருக்கே ஆபத்து. பிறந்த குழந்தைகளைக் கொன்றுவந்த இந்த நோயை இந்தியா கட்டுப்படுத்தியதாக 2015-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதனால் பன்னிரண்டு இடங்களிலும் வெறும் நீரைத் தொட்டு வைத்தால் போதும். மிளகாய்ப் புகை குழந்தை இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருப்பதால் கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம்.

திருஷ்டி என்று சொல்லப்படும் அறிகுறிகள் நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காப்பை வந்த பிறகு இட்டுக்கொள்ளலாம்.