மார்ஃபினைப் பாதியில் நிறுத்தவைக்கும் மலச்சிக்கல்

புற்றுநோய் வலிக்கு வீட்டில் மார்ஃபின் மாத்திரை கொடுக்கும் குடும்பங்கள் மருந்தைக் கைவிடும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் மலம் கட்டிக்கொள்கிறது. நோயாளி எந்நேரமும் தூங்குகிறார். வீட்டார் பயந்து ஒரு வேளையைத் தள்ளிப்போடுகிறார்கள், வலி திரும்பிவிடுகிறது. உடனே ‘இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தீர்ப்பு. தவறு மருந்தில் இல்லை, இந்த இரண்டு விளைவுகளுக்கும் முன்கூட்டியே தயாராகாததில் இருக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் சொல்லாத மருத்துவமனைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம்தான். ஆகவே வலி வந்தபின் கொடுப்பதல்ல, கடிகாரம் பார்த்துக் கொடுப்பது. மருத்துவர் வேளைக்கு 10 மில்லிகிராம் எழுதியிருந்தால் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என்று போகும். நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு எழுதுவதுண்டு. சீட்டில் அப்படி இருந்தால் மட்டும் கொடுங்கள். இதோடு நாளுக்கு 60 மில்லிகிராம் ஆகிறது. இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு வேளை அளவு, அதாவது இங்கே 10, கொடுக்கச் சொல்வது வழக்கம். எத்தனை முறை கொடுக்கலாம் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். கொடுத்த நேரத்தை ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே நாளில் மூன்று முறை கூடுதல் தேவைப்பட்டால் உள்ளே போனது 90. அந்த நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் வேளை அளவை 15 ஆக்கலாமா என்று முடிவு செய்வார். நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், திடீரென நிறுத்தாதீர்கள். விட்டுப்போன வேளைக்காக அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் வகை மாத்திரையென்றால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முழு அளவும் ஒரே மூச்சில் உடலில் இறங்கிவிடும்.

மலச்சிக்கலுக்கு வருவோம். தூக்கம் சில நாளில் குறையும், குமட்டலும் அப்படியே. மலச்சிக்கல் மட்டும் குறையாது, மருந்து இருக்கும்வரை இருக்கும். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குவதால் வாழைப்பழமும் பப்பாளியும் மட்டும் போதாது. தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் கொடுத்தால் அது குடலில் கெட்டித்து நிலைமையை மோசமாக்கும். குடலைத் தூண்டும் பிஸகோடைல் போன்ற மாத்திரை முதல் நாளிலிருந்தே இரவில் வேண்டும். மார்ஃபின் சீட்டில் அது இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள். மூன்று நாள் மலம் போகாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு: பல நாள் கட்டியிருந்த மலத்தைச் சுற்றிக்கொண்டு தண்ணீராகக் கொஞ்சம் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இறுகும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லையென்றால் மலமிளக்கியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தூக்கத்தைப் பற்றி: வலியால் பல இரவுகள் உறங்காதவர் முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்குவது இயல்பு. கூப்பிட்டால் விழித்துப் பதில் சொல்கிறாரா? அதுதான் கேள்வி. தட்டி எழுப்பியும் எழாவிட்டாலோ, ஒரு முழு நிமிடம் எண்ணியபோது மூச்சு எட்டுக்கும் குறைவாக இருந்தாலோ அடுத்த வேளையைக் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். பல நாள் நன்றாக இருந்தவர் புதிதாகச் சொக்கிப்போய், கைகால் துள்ளி, சிறுநீரும் குறைந்திருந்தால் சிறுநீரகம் மருந்தின் கழிவை வெளியேற்றாமல் தேக்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரையும் மதுவும் மார்ஃபினோடு சேரவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன், சேரவே கூடாது.

‘அடிமையாகிவிடுவாரே’ என்பார்கள். வலிக்காக மருத்துவர் அளவில் வாங்குபவருக்கு அந்த அபாயம் குறைவு. உடல் மருந்துக்குப் பழகுவதால் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும் வரும். அது அடிமைத்தனம் அல்ல, படிப்படியாகக் குறைத்தால் தீரும். ‘ஆயுளைக் குறைக்குமே’ என்ற பயத்துக்கும் சரியான அளவில் ஆதாரம் இல்லை.

எங்கே வாங்குவது? தெருமுனை மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைக்காது. போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, பல உரிமங்களுக்குப் பதில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது. அப்படியும் அங்கீகாரம் கேட்காமலேயே ‘எங்களிடம் இல்லை’ என்று கைவிரிக்கும் மருத்துவமனைகளை என்னவென்று சொல்வது! உதாரணமாக, சென்னை கோபாலபுரத்தில் இருப்பவர் பக்கத்திலுள்ள ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவிலோ, சிகிச்சை நடக்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வலி நிவாரணப் பிரிவு எது, மார்ஃபின் இருப்பு உண்டா என்று விசாரிக்கலாம். நோயாளி படுக்கையிலிருந்தால் வீட்டார் வந்து வாங்க என்னென்ன சீட்டு, அடையாள அட்டை வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன் இருப்பை எண்ணிப் பாருங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து. நோயாளி காலமானபின் மிச்சத்தை அதே மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள். வலி என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம்.